கைப்பிடியும் வகுஎண்ணும்: ஒரு நேர்வு ஆய்வைக் கற்பித்தல் குறிப்பாகச் சுருக்குதல்

1. வினா

கேஸ் ஸ்டடி என்று வகுப்பறைகளில் வழங்கும் நேர்வு ஆய்வு, நடந்த ஒன்றை அதன் சூழலோடும் சான்றுகளோடும் விரிவாகப் பதிவுசெய்து ஒரு முடிவை நிலைநாட்டும் எழுத்து. கற்பித்தல் குறிப்பு வேறு வகையானது. அது ஆசிரியரின் கைக்கு மட்டும் உரியது. வகுப்பு எந்தத் திறனைப் பெறப்போகிறது, எந்த வினாக்கள் எந்த வரிசையில் கேட்கப்படும், மாணவர்கள் எங்கே தடுமாறக்கூடும், ஒவ்வொரு கட்டத்துக்கும் எவ்வளவு நேரம் என்பவற்றை அது சொல்லும். இரண்டுக்கும் இடையில் மாணவர் முன்கூட்டியே படித்துவரும் சுருக்கப் பனுவல் ஒன்று நிற்கிறது. ஹார்வர்டு சட்டப் பள்ளியில் கிறிஸ்டபர் கொலம்பஸ் லாங்டெல் 1870-இல் தீர்ப்புகளையே பாடமாக வைத்துக் கேள்வி கேட்டுக் கற்பிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த முறை சட்டம், வணிக மேலாண்மை, பொதுநலவாழ்வு ஆகிய துறைகளில் வேரூன்றியிருக்கிறது.

இத்துறைகளில் வழங்கிவரும் வழிகாட்டுதல் பெரும்பாலும் வடிவத்தைப் பற்றியது. நேர்வின் சுருக்கம், கற்றல் நோக்கங்கள், கலந்துரையாடல் வினாக்கள், விடைகளின் பகுப்பாய்வு, கரும்பலகைத் திட்டம், நேரப் பங்கீடு, பிறகு நடந்தது என்ன என்ற பின்னுரை எனப் பகுதிகள் வரிசைப்படுத்தப்படுகின்றன. இந்த வரிசையில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் நூறு பக்கத்துக்கு மேற்பட்ட ஆய்வை இரண்டு பக்கமாகக் குறைக்கும்போது எதை விடுவது, எதை வைப்பது என்பதற்கு அது விடை தருவதில்லை. முக்கியமானதை வைத்துக்கொண்டு மற்றதை விடலாம் என்ற பொதுவான அறிவுரையோடு நின்றுவிடுகிறது. யாருக்கு, எதற்காக முக்கியம் என்ற கேள்வி அதில் எழுவதில்லை.

கதைக்கு முக்கியமானவையும் கற்றலுக்கு முக்கியமானவையும் ஒன்றல்ல என்பதையும், போட்டியிடும் விளக்கங்களைப் பிரித்துக்காட்டும் செய்திகளே சுருக்கத்தில் முதலில் இடம்பெற வேண்டும் என்பதையும் ஒரு நேர்வை எடுத்துச் செய்துபார்ப்பதன் வழியாக இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. நோய்ப்பரவலியல் வகுப்புகளில் மிகப் பரவலாகச் சொல்லப்படுவதும், அதனாலேயே மிக மோசமாகச் சுருக்கப்பட்டதுமான லண்டன் பிராட் தெருக் காலரா இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

2. நேர்வும் அதன் வழக்கமான சுருக்கமும்

1854 ஆகஸ்ட் 31 இரவில் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா திடீரென வெடித்தது. மருத்துவர் ஜான் ஸ்னோ, அந்நோய் குடிநீர் வழியாகப் பரவுகிறது என்று அதற்கு முன்பே எழுதியிருந்தவர். அக்காலத்தில் செல்வாக்கோடு இருந்ததோ அழுகிய பொருள்களிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்ற கொள்கை. பிராட் தெருவிலிருந்த அடிகுழாய்மீது ஸ்னோவுக்கு ஐயம் எழுந்தது. இறப்புப் பதிவு அலுவலகத்திலிருந்து பட்டியலைப் பெற்று வீடுவீடாக விசாரித்த அவர், செப்டம்பர் 7 மாலை பங்கு நிர்வாகக் குழுவைச் சந்தித்தார். மறுநாள் குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. தம் ஆய்வை அவர் 1855-இல் வெளியான தமது நூலின் இரண்டாம் பதிப்பில் விரித்து எழுதினார்.

வழக்கமான பாடச் சுருக்கம் இதை நான்கு வாக்கியங்களில் முடித்துவிடுகிறது: காலரா பரவியது, ஸ்னோ இறப்புகளை வரைபடத்தில் குறித்தார், அவை ஒரு குழாயைச் சுற்றிக் குவிந்திருப்பதைக் கண்டார், கைப்பிடியைக் கழற்றியதும் நோய் நின்றது. இந்த வாக்கியங்களில் முதலாவதில் மட்டுமே பிழையில்லை. வரைபடம் 1854 டிசம்பரில், கைப்பிடி கழற்றப்பட்டு ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து, ஓர் அறிவியல் கழகத்தில் முன்வைக்கப்பட்டது. அது கண்டுபிடிப்புக்கான கருவியாக இருக்கவில்லை, ஏற்கெனவே எட்டிய முடிவை விளக்கும் படமாகவே இருந்தது. ஹோவர்டு பிராடியும் அவருடைய உடனாய்வாளர்களும் 2000-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இதை விரிவாகக் காட்டியிருக்கிறது. கைப்பிடியைக் கழற்றியதால் நோய் நின்றது என்ற வாக்கியம் இன்னும் பலவீனமானது. அதை ஐயத்துக்குள்ளாக்கும் எண்களைத் தந்தவரே ஸ்னோதான்.

வரலாற்றுப் பிழையைவிடக் கற்பித்தலுக்கு நேர்ந்த இழப்பு பெரிது. இந்தச் சுருக்கத்தைப் படிக்கும் மாணவர் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. முடிவு சொல்லப்பட்டுவிட்டது, மாற்று விளக்கம் மறைக்கப்பட்டுவிட்டது. இதன் அடியில் எத்தனை வினாக்களை எழுதினாலும் அவை நினைவாற்றலைச் சோதிக்குமே தவிர, சான்றை எடைபோடும் பழக்கத்தைத் தராது.

3. எதை வைப்பது, எதை விடுவது

சுருக்குபவர் ஸ்னோவின் நூலிலிருந்து ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாக எடுத்து, ‘நீர் காரணம் என்றாலும் காற்று காரணம் என்றாலும் இது இப்படியே இருந்திருக்குமா?’ என்று கேட்க வேண்டும். இருந்திருக்கும் என்றால் அச்செய்தி இரண்டு விளக்கங்களையும் பிரிப்பதில்லை. எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும் சுருக்கத்தில் அதற்குப் பின்வரிசையிலேயே இடம்.

இந்தக் கேள்வியின் முன் முதலில் வீழ்வது வரைபடம்தான். இறப்புகள் குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன என்பதைக் கெட்ட காற்றுக் கொள்கையினரும் தயக்கமின்றி ஏற்பார்கள். அவ்விடத்தில் காற்று மிகவும் கெட்டிருந்தது என்பார்கள். நெருக்கமான குடியிருப்பும் மலக்குழிகளும் நிறைந்த தெருவில் அது அறிவுக்கு ஒவ்வாத வாதம் அல்ல. வரைபடத்தை முற்றிலும் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அது சான்றின் முடிவாக அல்லாமல் ஐயத்தின் தொடக்கமாக வைக்கப்பட வேண்டும்.

அடுத்து வருபவை ஸ்னோவின் நூலில் ஓரமாகத் தோன்றும் சில விதிவிலக்குகள். போலந்து தெருவிலிருந்த வறியோர் விடுதியைச் சுற்றியிருந்த வீடுகளில் இறப்புகள் நேர்ந்தன. விடுதியிலோ 535 பேரில் 5 பேர் மட்டுமே காலராவால் இறந்தார்கள். விடுதிக்குள் தனிக் கிணறும் தனி நீர் இணைப்பும் இருந்தன. பிராட் தெருவில் குழாய்க்கு அருகிலிருந்த பீர் ஆலையில் எழுபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்தும் ஒருவர்கூட இறக்கவில்லை. அவர்களுக்கு ஆலையின் பானம் அளிக்கப்பட்டது, ஆலைக்குள் ஆழ்கிணறும் இருந்தது. அதே தெருவில், துப்பாக்கிக்கான வெடிமூடிகள் செய்த தொழிற்சாலையில் குழாய் நீர் தொட்டிகளில் நிரப்பி வைக்கப்பட்டிருந்தது. அங்கே ஏறத்தாழ 200 பேரில் 18 பேர் இறந்தார்கள். இந்த மூன்று இடங்களிலும் மூச்சுக்காற்று ஒன்றே. குடித்தது மட்டுமே வேறு.

இவற்றுக்கு நேரெதிரான நிலை ஹாம்ஸ்டெட்டில். முன்பு பிராட் தெருப் பகுதியில் வாழ்ந்த ஒரு கைம்பெண், அக்குழாயின் நீரை விரும்பியதால் நாள்தோறும் வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். ஆகஸ்ட் 31 அன்று வந்த நீரைக் குடித்த அவர் செப்டம்பர் 2-இல் இறந்தார். அவரைப் பார்க்க வந்து அதே நீரைக் குடித்த உறவுப்பெண் இஸ்லிங்டனில் தம் வீட்டுக்குத் திரும்பிச் சென்று இறந்தார். அவ்விரு சுற்றுப்புறங்களிலும் அப்போது காலரா இல்லை. வரைபடத்தின் எல்லைக்கு வெளியே விழும் இந்த இரண்டு இறப்புகள், வாதத்தில் வரைபடம் முழுவதையும்விட எடை மிகுந்தவை. வழக்கமான சுருக்கங்களில் முதலில் வெட்டப்படுபவையும் இவையே, ஏனெனில் கதையின் ஓட்டத்துக்கு அவை தேவைப்படுவதில்லை.

நூலின் முடிவுக்கு இடையூறாகத் தோன்றும் செய்திகளும் இதே காரணத்தால் இடம்பெற வேண்டும். ஸ்னோ முதலில் விசாரித்த 83 இறப்புகளில் 73 பிராட் தெருக் குழாய்க்கு அண்மையில் நேர்ந்தவை. அவற்றில் 61 பேர் அந்நீரைக் குடித்தவர்கள் என்று தெரியவந்தது, 6 பேரைப் பற்றித் தகவல் கிடைக்கவில்லை, 6 பேர் குடிக்கவில்லை என்று உறவினர் கூறினர். அந்தக் கடைசி ஆறு பேரை நீக்கிவிட்டுச் சுருக்கினால் பனுவல் அழகாக அமையும். ஆனால் பொருந்தாத தரவை என்ன செய்வது என்ற கேள்வியை மாணவர் சந்திக்கவே மாட்டார்.

விடத்தக்கவை ஏராளம்: ஸ்னோவின் வாழ்க்கை வரலாறு, மயக்க மருந்துத் துறையில் அவருடைய பணி, லண்டனின் கழிவுநீர் அமைப்பு, பிற்காலத்தில் நுண்ணுயிரி அறியப்பட்ட கதை. தென்லண்டனில் இரண்டு நீர் நிறுவனங்களின் வாடிக்கையாளரை ஒப்பிட்ட அவருடைய மற்றோர் ஆய்வு அறிவியல் நோக்கில் வலிமை மிக்கது. ஆயினும் அது தனி வகுப்புக்கு உரியது. இரண்டையும் ஒரே பனுவலில் திணித்தால் இரண்டும் மேலோட்டமாகிவிடும்.

4. கற்றல் நோக்கங்கள்

கற்றல் நோக்கம் என்பது வகுப்பின் முடிவில் மாணவர் செய்துகாட்டக்கூடிய ஒன்றைக் கூறும் வாக்கியம். ‘ஸ்னோவின் பங்களிப்பைப் புரிந்துகொள்ளுதல்’ என்பது அப்படிப்பட்டதன்று. புரிந்துகொண்டாரா என்பதைப் பார்த்தறிய அதில் வழியில்லை. பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் வெளியிட்ட கல்வி நோக்கங்களின் வகைப்பாடு நினைவுகூர்தலிலிருந்து பகுத்தாய்தல், மதிப்பிடுதல் வரை படிநிலைகளை வகுத்தபின், நோக்கங்களை வினைச்சொற்களால் எழுதும் பழக்கம் பரவியது. அதனால் ஒரு புதுக் கேடும் விளைந்தது. வினைச்சொற்களின் பட்டியலிலிருந்து ‘பகுத்தாய்வர்’, ‘மதிப்பிடுவர்’ என்பவற்றை எடுத்து ஒட்டிவிட்டால் நோக்கம் தயாராகிவிட்டது என்ற எண்ணம் வளர்ந்தது. எந்தத் தரவைக் கொண்டு, எதை எதிலிருந்து பிரிப்பர் என்பது இல்லாதவரை அந்த வினைச்சொல்லால் பயனில்லை.

பிராட் தெரு நேர்வுக்கு இரண்டு நோக்கங்கள் போதும். முதலாவது: தரப்பட்ட தேதிவாரி எண்களைக் கொண்டு, ஒரு நடவடிக்கைக்குப் பின் நோய் குறைந்தது என்பதும் அந்த நடவடிக்கையால் நோய் குறைந்தது என்பதும் வெவ்வேறு கூற்றுகள் என மாணவர் காட்டுவார். இரண்டாவது: இறந்தவர்களைப் பற்றிய தகவல் மட்டும் இருக்கும்போது எந்தத் தகவல் இன்னும் தேவை என்பதைச் சொல்லி, அது கிடைத்ததும் இரு குழுக்களின் தாக்கு வீதத்தைக் கணக்கிட்டு ஒப்பிடுவார். தாக்கு வீதம் என்பது ஒரு குழுவில் நோயுற்றோரின் எண்ணிக்கையை அக்குழுவின் மொத்த எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவது.

நோக்கங்கள் இப்படிக் கூர்மையாக எழுதப்பட்டபின் சுருக்கும் வேலை மறுபடியும் தொடங்குகிறது. முதல் நோக்கத்துக்குத் தேதிவாரி எண்கள் வேண்டும். அவை முதல் வரைவில் வெட்டப்பட்டிருந்தால் மீண்டும் சேர்க்கப்பட வேண்டும். நோக்கத்தை எழுதிவிட்டுச் சுருக்குவது, சுருக்கிவிட்டு நோக்கத்தை எழுதுவது என்ற இரண்டில் எது சரி என்று நடக்கும் விவாதம் நடைமுறையில் பொருளற்றது, ஏனெனில் இரண்டும் மாறிமாறித் திருத்திக்கொண்டால்தான் பனுவல் நிலைபெறும்.

5. வினாக்களின் வரிசை

முதல் வினா வரைபடத்தைப் பற்றியது: ‘இறப்புகள் இப்படிக் குவிந்திருப்பதைக் கெட்ட காற்றுக் கொள்கையினர் எப்படி விளக்குவர்?’ தாம் நம்பாத விளக்கத்தின் பக்கம் நின்று பேச வைப்பதே இதன் பயன். வகுப்பு அந்தக் கொள்கையை அறியாமை என்று எள்ளத் தொடங்கினால், ஸ்னோவின் விளக்கத்தை ஏற்கக் காரணமில்லை என்று 1855-இல் எழுதிய நலவாழ்வு வாரியத்தின் அறிவியல் குழுவினர் அக்காலத்தின் தேர்ந்த அறிஞர்கள் என்ற செய்தியை ஆசிரியர் அப்போது சேர்க்கலாம். அதன்பின் விடுதி, பீர் ஆலை, ஹாம்ஸ்டெட் ஆகியவற்றை வைத்து, இவற்றில் எது காற்று விளக்கத்தை அதிகம் தளர்த்துகிறது என்று கேட்க வேண்டும். பீர் ஆலையைத் தேர்ந்தெடுப்பவரிடம், பானமே நோயிலிருந்து காத்திருக்கலாம் அல்லவா என்று திருப்பிக் கேட்டால் ஹாம்ஸ்டெட்டின் தனிச்சிறப்பு தானே வெளிப்படும்.

இரண்டாம் வினா கைப்பிடியைப் பற்றியது, இதற்கே கூடுதல் நேரம் ஒதுக்கத்தகும். ஸ்னோவின் நூலில், இறப்பில் முடிந்த நோய்த்தாக்குதல்கள் தொடங்கிய நாள்வாரியாகத் தரப்பட்டிருக்கின்றன. ஆகஸ்ட் 31-இல் 56, செப்டம்பர் 1-இல் 143, 2-இல் 116, 3-இல் 54, 4-இல் 46, 5-இல் 36, 6-இல் 20, 7-இல் 28, கைப்பிடி கழற்றப்பட்ட 8-ஆம் நாள் 12, 9-இல் 11, 10-இல் 5. இதே நாள்களின் இறப்புகள் வேறொரு நிரலில் உள்ளன: செப்டம்பர் 2-இல் உச்சமாக 127, 7-இல் 32, 8-இல் 30, 9-இல் 24, 10-இல் 18. மாணவர் பனுவலில் இரண்டு நிரல்களும் இருக்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லப்படக் கூடாது. இறப்பு நிரலின் கடைசி நாள்களை மட்டும் பார்ப்பவர், 30, 24, 18 என்ற இறக்கத்தைக் கைப்பிடியின் விளைவு என்று கொள்ள வாய்ப்பு அதிகம். ஆனால் 9-ஆம் நாள் இறந்தவர் அதற்கு முன்பே நோயுற்றிருப்பார். நடவடிக்கையின் விளைவை அளக்கத் தாக்குதல் தொடங்கிய நாளே பொருத்தமானது. அந்த நிரலில், கைப்பிடி கழற்றப்படுவதற்கு முந்தின நாளிலேயே எண்ணிக்கை உச்சத்தின் ஐந்திலொரு பங்காகிவிட்டது. 31 முதல் 10 வரையிலான 527 தாக்குதல்களில் 499 கைப்பிடி கழற்றப்படும் நாளுக்கு முன்பே தொடங்கியவை.

அப்படியானால் நோய் ஏன் குறைந்தது என்பது உடன்வரும் வினா. மக்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறியதும், நீரிலிருந்த நச்சு தானே குறைந்திருக்கக்கூடும் என்பதும் மாணவர் வாயிலிருந்து வர வேண்டிய விடைகள். இவ்விரண்டையும் ஸ்னோவே எழுதியிருக்கிறார். கைப்பிடி கழற்றப்பட்டபோது கிணற்றில் நச்சு இன்னும் இருந்ததா என்று முடிவுசெய்ய இயலாது என்றும் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தச் செய்தி ஆசிரியர் குறிப்பில் மட்டும் இருப்பது நல்லது, ஏனெனில் மாணவர் தாமே அந்த ஐயத்தை எட்டிய பிறகு அது ஸ்னோவின் நேர்மையைக் காட்டும். முன்னரே படித்தால் வெறும் தகவலாக நிற்கும்.

மூன்றாம் வினா: ‘61 பேர் குடித்தவர்கள் என்பதிலிருந்து நீர் காரணம் என்று சொல்லிவிட முடியுமா?’ அத்தெருவில் எல்லோரும் அக்குழாய் நீரையே குடித்திருந்தால், இறந்தவரும் குடித்திருப்பார், பிழைத்தவரும் குடித்திருப்பார். ஸ்னோவின் முதல் விசாரணை இறந்தவர்களைப் பற்றியதே. இந்த இடைவெளியை வகுப்பு கண்டுபிடித்த பின்னரே ஹென்றி ஒயிட்ஹெட் மேடைக்கு வர வேண்டும். அப்பகுதித் தேவாலயத்தின் உதவிப் பாதிரியாரான இவர் ஸ்னோவின் கருத்தைத் தொடக்கத்தில் நம்பாதவர். அதைச் சோதிக்கவே விசாரணையில் இறங்கி, பிராட் தெருவில் நோயுற்றவர்களோடு நோயுறாதவர்களையும் கேட்டறிந்தார். குழாய் நீரைக் குடித்த 137 பேரில் 80 பேர் நோயுற்றனர். குடிக்காத 297 பேரில் 20 பேர். வகுப்பு கணக்கிட்டால் முதல் குழுவின் தாக்கு வீதம் ஏறத்தாழ 58 விழுக்காடு, இரண்டாவதன் வீதம் ஏறத்தாழ 7 விழுக்காடு. வகுக்கும் எண், அதாவது வகுஎண், இல்லாமல் 61 என்பது எதையும் நிறுவவில்லை என்பதை இவ்விரு வீதங்களும் தெளிவாக்கும். ஒயிட்ஹெட்டின் எண்கள் மாணவர் பனுவலில் அச்சிடப்படக் கூடாது. கேட்கும்போது தருவதற்காகத் தனித்தாளில் வைக்கப்பட வேண்டும்.

6. தவறுகள் நேரும் இடங்கள்

மாணவர்களுக்கு முடிவு முன்பே தெரியும் என்பது இந்நேர்வின் பெரிய தடை. இடத்தையும் பெயரையும் மாற்றி நேர்வை மறைப்பது ஒரு வழி. சாலஞ்சர் விண்கல விபத்துக்கு முந்தைய முடிவெடுப்பை ஒரு கார்ப் பந்தய அணியின் கதையாக மாற்றி எழுதிய ஜாக் பிரிட்டனும் சிம் சிட்கினும் அதில் வெற்றி கண்டனர்; பந்தயத்துக்குச் செல்ல முடிவெடுத்த பிறகே மாணவர் தாம் எடுத்தது எந்த முடிவு என்பதை அறிகின்றனர். பிராட் தெருவுக்கு இவ்வழி ஒத்துவராது. குழாய் என்ற சொல்லிலேயே வகுப்பு அதை அடையாளம் கண்டுவிடும். குழாயை மாற்றினால் விடுதியின் கிணறும் ஹாம்ஸ்டெட் வண்டியும் பொருளிழந்துவிடும். ஆகவே முடிவை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டு, ‘1854 செப்டம்பர் 7 மாலை, நிர்வாகக் குழுவின் முன் ஸ்னோவிடம் இருந்த சான்று எவ்வளவு தூரம் போதுமானது?’ என்று வினாவை மாற்றுவதே தக்கது. விடை தெரிந்திருப்பது அப்போது தடையாக இருப்பதில்லை.

மற்றொரு தவறு எதிர்த்திசையில் நேர்வது. கைப்பிடிக் கதையைத் தகர்த்த மகிழ்ச்சியில் ஸ்னோ தவறானவர் என்ற முடிவோடு வகுப்பு கலைந்துவிடக்கூடும். கைப்பிடியின் விளைவு நிறுவப்படவில்லை என்பதும் நீரே காரணம் என்பதும் ஒருசேர உண்மை. ஒயிட்ஹெட் தேடிக் கண்ட முதல் நோயாளி, பிராட் தெரு 40-ஆம் எண் வீட்டுக் குழந்தை. அக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் கொட்டப்பட்ட மலக்குழி கிணற்றிலிருந்து மூன்று அடிக்கும் குறைவான தொலைவில் கசிந்துகொண்டிருந்தது என்பதை அளவையர் தோண்டிப் பார்த்து உறுதிசெய்தார். வகுப்பு எதிர்முனைக்குச் சாய்ந்தால் மட்டும் சொல்ல வேண்டிய செய்தியாக இது ஆசிரியர் குறிப்பின் இறுதியில் இருக்கட்டும்.

ஒயிட்ஹெட்டின் எண்களுக்கும் எல்லை உண்டு. குழாய்மீது ஐயம் ஊரறிந்த பிறகு, இறந்தவர் என்ன குடித்தார் என்று உறவினரைக் கேட்டுப் பெற்ற விடைகள் அவை; வெளியேறியோரில் ஒரு பகுதியினர் கணக்கில் வந்திருக்க மாட்டார்கள். 58-க்கும் 7-க்கும் உள்ள இடைவெளியை இந்தப் பிழைகளே உண்டாக்கியிருக்க முடியுமா, அப்படி உண்டாக்க எத்தனை பேர் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும் என்பதை மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். நேரம் போதாத வகுப்பில் இதை எழுத்துப் பயிற்சியாகத் தரலாம். அந்தத் தாள்களில் பெரும்பாலானவை இரு குழுக்களின் மொத்த எண்ணிக்கையைத் தொடாமல் 80-ஐயும் 20-ஐயும் மட்டும் ஒப்பிட்டிருந்தால், இரண்டாம் நோக்கம் நிறைவேறவில்லை என்று பொருள். அடுத்த வகுப்பு மூன்றாம் வினாவிலிருந்தே தொடங்க வேண்டும்.